உரையாடல் பதிவை உறவினரிடம் தராதது ஏன்?

தந்தை எம் செயலியில் மருத்துவருடன் நிகழ்த்திய உரையாடலின் பதிவை மகள் தொலைபேசியில் கேட்கிறார். தந்தையின் பிறந்த தேதியையும் நோயாளிப் பதிவு எண்ணையும் சரியாகவே சொல்கிறார். ஆயினும் உதவி மையத்தினர் மறுக்கின்றனர். அவ்விரண்டும் மருந்துச்சீட்டில் அச்சாகியிருப்பவை. சீட்டைக் கண்ட எவரும் சொல்லிவிடலாம். மகளேயாயினும், வீட்டாரிடம் மறைத்த மதுப்பழக்கத்தையோ மனச்சோர்வையோ தந்தை மருத்துவரிடம் எழுதியிருக்கக்கூடும். ஆகவே, அவருடைய பதிவுபெற்ற கைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லை அவரே செயலியில் உள்ளிட்டால்தான் பதிவு திறக்கும். எண் மாறியிருப்பின், அடையாள அட்டையுடன் அவர் நேரில் வந்து புதிய எண்ணைப் பதிவுசெய்ய வேண்டும். அவசர வேளையில் இம்மறுப்பால் சிகிச்சை தடைபடாது. சிகிச்சையளிக்கும் மருத்துவர் அப்பதிவை நேரடியாகப் பார்த்துக்கொள்வார். கடவுச்சொல்லை எவர் கேட்டாலும் சொல்லாதீர்கள். எம் பணியாளர்கள் அதைக் கேட்பதில்லை.