10,000 முறை கணக்குப் போட்டும் 29 பைசா உதைக்குதா? ஆப்ஷன் விலையில் 'கண்ணாடி' உத்தி

ஒரு பங்கின் இன்றைய விலை 100 ரூபாய். ஓராண்டு கழித்து அதே 100 ரூபாய்க்கு அதை வாங்கும் உரிமையை ஒருவர் விற்கிறார். பங்கு 130 ரூபாய்க்குப் போனால், உரிமை வைத்திருப்பவருக்கு 30 ரூபாய் கிடைக்கும். 80-க்கு இறங்கினால் 'வேண்டாம்' என்று விட்டுவிடலாம். இதுதான் கால் ஆப்ஷன். சரி, இந்த உரிமைக்கு இன்று என்ன விலை வைப்பது?

எதிர்காலத்தை ஓட்டிப் பார்ப்பது

1977-ல் ஃபெலிம் பாயில் எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒரு வழி சொன்னது. பங்கு விலை எப்படியெல்லாம் போகலாம் என்று கம்ப்யூட்டரில் ஆயிரக்கணக்கான முறை ஓட்டிப் பார்த்து, சராசரி எடுப்பது. இதற்குப் பெயர் மான்டே கார்லோ முறை.

வட்டி 5%, விலையின் ஆண்டு ஏற்ற இறக்கம் 20% என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டு கழித்து வரும் விலைக்கான கணக்கு இது:

100 × e^(0.03 + 0.2Z)

இதில் Z என்பது கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும் எண். பெரும்பாலும் பூஜ்யத்தைச் சுற்றியே வரும், பிளஸ், மைனஸ் இரண்டுக்கும் சம வாய்ப்பு. Z = 0.5 வந்தால் பங்கு விலை 113.88; ஆப்ஷன் தருவது 13.88 ரூபாய். இப்படி 10,000 முறை குலுக்கி, சராசரி எடுத்து, ஓராண்டு வட்டியைக் கழிக்க 0.9512-ஆல் பெருக்கினால் இன்றைய விலை கிடைத்துவிடும்.

இந்த எளிய ஆப்ஷனுக்கு பிளாக்-ஷோல்ஸ் சூத்திரமே துல்லியமான விடையைத் தருகிறது: 10.45 ரூபாய். அதனால் மான்டே கார்லோ எவ்வளவு தப்புகிறது என்று சரிபார்த்துவிடலாம்.

பிழை எங்கே வருகிறது?

ஒரு குலுக்கலில் 0 வரும், அடுத்ததில் 39 வரும். இந்தச் சிதறலின் அளவு, அதாவது திட்ட விலக்கம், இங்கே 14.72 ரூபாய். இதை 10,000-ன் வர்க்கமூலமான 100-ஆல் வகுத்தால், திட்டப் பிழை சுமார் 15 பைசா. அதாவது, முழுக் கணக்கையும் 100 முறை போட்டால் சுமார் 95 முறை விடை 10.45-க்கு மேலோ கீழோ 29 பைசாவுக்குள் இருக்கும்.

இந்தப் பிழையைப் பாதியாக்க 20,000 குலுக்கல் போதாது, 40,000 வேண்டும். பிழை குறைவது எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைப் பொறுத்துத்தான்.

ஒரு பிளஸ்ஸுக்கு ஒரு மைனஸ்

இங்கேதான் ஆன்டிதெட்டிக் சாம்ப்ளிங் வருகிறது. ஹேமர்ஸ்லி, மார்டன் இருவரும் 1956-ல் முன்வைத்த யோசனை. பாயிலும் தன் கட்டுரையில் இதைப் பயன்படுத்தினார். 10,000 எண்களைத் தனித்தனியாகக் குலுக்காமல், 5,000 மட்டும் குலுக்குவது. ஒவ்வொரு Z-க்கும் அதன் கண்ணாடி பிம்பமான –Z-ஐயும் சேர்த்துக் கணக்கிடுவது.

Z = 0.5 தந்தது 13.88. அதன் ஜோடியான –0.5-க்குப் பங்கு விலை 93.24, அதனால் ஆப்ஷன் தருவது பூஜ்யம். ஜோடியின் சராசரி 6.94. ஒன்று ஏறும்போது மற்றது இறங்குவதால், அதிர்ஷ்டவசமாக வந்த பெரிய எண்ணை அதன் ஜோடியே சமன் செய்துவிடுகிறது.

இந்த ஆப்ஷனில் ஜோடிகளுக்கு இடையிலான ஒட்டுறவு சுமார் –0.5. அதனால் அதே 10,000 கணக்குக்குத் திட்டப் பிழை 15 பைசாவிலிருந்து சுமார் 10 பைசாவாகக் குறைகிறது. சாதாரண முறையில் இதற்கு 20,000 குலுக்கல் தேவைப்பட்டிருக்கும்.

தினசரி விலைகளின் சராசரியைப் பார்க்கும் ஏஷியன் ஆப்ஷன்களில் பாதை முழுவதும் முக்கியம். அங்கே ஒவ்வொரு நாளுக்குமான எண்ணின் குறியையும் மாற்றினால், கண்ணாடிப் பாதை ரெடி.

சொதப்பும் இரண்டு இடங்கள்

முதலாவது, பிழையைக் கணக்கிடும் இடம். 10,000 விடைகளையும் தனித்தனி என்று நினைத்துத் திட்ட விலக்கம் எடுத்தால், பழையபடி 15 பைசாதான் காட்டும். பிழை நிஜமாகவே குறைந்திருக்கும், ஆனால் ரிப்போர்ட்டில் தெரியாது. முதலில் ஜோடிகளின் சராசரியை எடுத்து, அந்த 5,000 எண்களின் திட்ட விலக்கத்தைப் பார்க்க வேண்டும். அது சுமார் 7.4. அதை 5,000-ன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 10 பைசா வரும்.

இரண்டாவது, ஆப்ஷனின் வகை. விலை ஏறினாலும் இறங்கினாலும் பணம் தரும் ஸ்ட்ராடிலில் (ஒரே விலையில் ஒரு கால், ஒரு புட்) இந்த உத்தி திருப்பி அடிக்கும். Z பெரிய தொகை தந்தால் –Z-உம் பெரிய தொகையே தரும். சமன் செய்ய ஆளில்லை. இதே பங்கில் 100 ரூபாய் ஸ்ட்ராடிலுக்கு ஒட்டுறவு சுமார் +0.64. திட்டப் பிழை 13 பைசாவிலிருந்து 17 பைசாவாக ஏறிவிடும்.

அதனால் முழுதாக ஓட்டும் முன், ஆயிரம் ஜோடிகளை மட்டும் ஓட்டி ஒட்டுறவைப் பார்த்துவிடுவது நல்லது. மைனஸில் இருந்தால் கண்ணாடி உதவும். பிளஸ்ஸில் இருந்தால், சாதாரணக் குலுக்கலே மேல்.