44,250 ரூபாய் எங்கே போச்சு?

சப்ளையர் அனுப்புகிற ஸ்டேட்மெண்டும் நம்ம லெட்ஜரும் சம்பந்திகள் மாதிரி. வருஷமெல்லாம் சிரித்துப் பேசும். மார்ச் 31 வந்தால் முறைத்துக்கொள்ளும்!

செஞ்சிப் பக்கம், ஜைன மடம் இருக்கிற மேல்சித்தாமூரில் ஒரு பைப், மோட்டார் கடைக்கு நான் கணக்கு எழுதுகிறேன். சப்ளையரின் ஸ்டேட்மெண்ட் எங்கள் பாக்கி 1,86,400 ரூபாய் என்றது. எங்கள் லெட்ஜரிலோ 1,42,150. வித்தியாசம் 44,250.

"பெரிய இடம், தப்பா எழுதுவாங்களா? கட்டித் தொலைச்சிடலாம் தம்பி" என்றார் முதலாளி.

"ஒரு மணி நேரம் குடுங்க முதலாளி" என்று சிவப்பு பென்சிலை எடுத்தேன்.

முதலில் ஏப்ரல் 1-ம் தேதி ஆரம்பப் பாக்கியைப் பார்த்தேன். இரண்டிலும் ஒன்றே. அப்படியானால் கோளாறு இந்த வருஷத்துக்குள்தான். அடுத்து, பில் நம்பரை வைத்து ஒவ்வொன்றாக டிக். தொகையை மட்டும் நம்பக்கூடாது. ஒரே தொகைக்கு இரண்டு பில் இருக்கலாம். நம்ம வரவுப் பக்கம் அவர்களுக்குப் பற்றுப் பக்கம் என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

கடைசியில் டிக் விழாமல் நின்றவை மூன்றே மூன்று.

முதலாவது, மார்ச் 30-ல் நாங்கள் அனுப்பிய 20,000 ரூபாய் செக். அவர்கள் வரவு வைத்தது ஏப்ரல் 2. இது சண்டையே இல்லை, வழியில் இருக்கிற பணம். தானாகச் சரியாகிவிடும்.

இரண்டாவது, விரிசல் விட்ட பைப்புகளைத் திருப்பி அனுப்பிய 5,500. நாங்கள் டெபிட் நோட் போட்டுக் கழித்துவிட்டோம். அது எங்கள் புத்தகத்தை மட்டும்தான் குறைக்கும். அவர்கள் கிரெடிட் நோட் போட்டால்தான் அங்கே குறையும். சரக்கைத் திரும்ப வாங்கியதற்கு அவர்கள் ஆள் போட்ட கையெழுத்தைக் காட்டிக் கேட்டேன்.

மூன்றாவதுதான் வில்லன்! 18,750 ரூபாய்க்கு ஒரு பில். எங்கள் லெட்ஜரில் இல்லை. ஆனால் ஜி.எஸ்.டி. தளத்தில் எங்கள் GSTR-2B-யில் பளிச்சென்று இருக்கிறது.

"கவர்மெண்ட் கம்ப்யூட்டரே சொல்லுதே தம்பி!"

"சப்ளையர் பில் போட்டு அரசுக்குக் கணக்குக் காட்டினார்னுதான் அது சொல்லுது முதலாளி. சரக்கு இங்கே இறங்கிச்சுன்னு சொல்லலையே!"

சரக்கு கைக்கு வராமல் அந்த வரியை நாம் கழித்துக்கொள்ளவும் முடியாது. டெலிவரி சலான் நகலைக் கேட்டு வாங்கினேன். கையெழுத்தும் ரப்பர் ஸ்டாம்ப்பும் செஞ்சியில் இதே பெயரில் இருக்கிற இன்னொரு கடையுடையது! சரக்கு அங்கே, பில் இங்கே. கிரெடிட் நோட் போட்டு எங்கள் பேரிலிருந்து நீக்கச் சொல்லி எழுதினேன்.

20,000, 5,500, 18,750... கூட்டிப் பாருங்கள், 44,250! மூன்றையும் ஒரு தாளில் எழுதி, இரு தரப்பும் கையெழுத்துப் போட்டோம். எங்கள் 1,42,150 அப்படியே நின்றது.

இன்னொன்று. இரண்டு பாக்கியும் ஒத்துப்போனாலும் டிக் அடியுங்கள். 10,000 ரூபாய் பில் ஒன்றை நீங்கள் விட்டுவிட்டு, நீங்கள் கட்டிய 10,000 ரூபாயை அவர்கள் வேறு யார் பேரிலாவது வரவு வைத்திருந்தால், அவர்களுக்கு உங்கள் பாக்கி 20,000 அதிகமாகத் தெரியும். அது உடனே மாட்டிக்கொள்ளும். ஆனால் அந்தப் பணத்தை அவர்கள் உங்கள் பேரிலேயே சரியாக வரவு வைத்து, நீங்கள் பில்லோடு அதையும் எழுத மறந்திருந்தால்? வித்தியாசம் பூஜ்யம், தப்பு இரண்டு!