முகக்கவசத்துக்குள் சிரிப்பது வெளியே எப்படித் தெரிகிறது?

மருந்துக்கடையில் முகக்கவசம் அணிந்த ஒருவர் உங்களுக்கு வணக்கம் சொல்கிறார். வாய் தெரியவில்லை. ஆனாலும் அவர் சிரிப்பது புரிகிறது. எப்படி?

சிரிப்பில் இரண்டு தசைகள் முக்கியம். ஒன்று உதட்டோரத்தை மேலே இழுக்கும்; அதைத் துணி மறைத்துவிடும். இன்னொன்று கண்ணைச் சுற்றி வளையமாக இருப்பது. அது சுருங்கினால் கன்னம் உயர்ந்து, கண்ணோரத்தில் சுருக்கம் விழும். உள்ளம் மகிழ்ந்தால்தான் இது இயங்கும் என்று பிரெஞ்சு மருத்துவர் துஷேன் 1862இல் எழுதினார். பலரால் இதை வேண்டுமென்றே செய்யவும் முடியும் என்பது பின்னர் தெரியவந்தது.

குரலும் காட்டிக்கொடுக்கும். சிரிக்கும்போது உதடுகள் பின்னால் இழுபடுவதால், தொண்டையிலிருந்து உதடுவரை உள்ள ஒலிப்பாதையின் நீளம் சற்றுக் குறைகிறது. புல்லாங்குழலில் வாய்க்கு அருகிலுள்ள துளையைத் திறந்தால் காற்று ஓடும் நீளம் குறைந்து ஒலி உயர்கிறதல்லவா? குரலும் அப்படித்தான் பளிச்சென்று ஆகிறது. தொலைபேசியில்கூடச் சிரிப்பு கேட்பது இதனால்தான். ஆனால் முகக்கவசம் 'ஸ', 'ச' போன்ற கூரிய ஒலிகளை மழுக்கும். கத்த வேண்டாம், நிதானமாகச் சொல்லுங்கள்.

ஹெல்மெட்டில் சிக்கல் அதிகம். கறுப்புக் கண்ணாடி கண்ணை மறைக்கிறது, காற்றிரைச்சல் குரலை விழுங்குகிறது. மிஞ்சுவது தலையசைப்புதான். சிக்னலில் நிற்கும்போது கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் புருவத்தை உயர்த்துங்கள்; வண்டி ஓடும்போது மட்டும் கையை எடுக்காதீர்கள்.