பிரின்சிபலா, கொள்கையா?

விடுப்புக் கடிதத்தில் ‘டு த பிரின்சிபல்’ என்று எழுதும்போது கடைசி எழுத்துகளைக் கவனியுங்கள். எல்-இ என்று முடித்தால், கடிதம் தலைமை ஆசிரியருக்கு அல்ல, ‘கொள்கை’க்குப் போகிறது! இரண்டுக்கும் உச்சரிப்பு ஒன்றே. இரண்டும் சரியான சொற்கள் என்பதால், கணினியின் எழுத்துப் பிழை திருத்தியும் பெரும்பாலும் பிடிக்காது.

தமிழிலேயே ஒரு வழி உண்டு. ஏ-எல் என்ற முடிவை ‘ஆள்’ என்று நினைத்துக்கொள்ளுங்கள்: பள்ளியின் தலைமை ஆள். கடனின் ‘அசல்’ தொகைக்கும் ஏ-எல்தான். அசல் என்பதை ஆங்கில எழுத்தில் எழுதினாலும் முடிவு அதுவே. ‘முதன்மையான’ என்ற பொருளுக்கும் அதே முடிவுதான்.

கொள்கைக்கு எல்-இ. விதியைக் குறிக்கும் ‘ரூல்’ என்ற சொல்லும் எல்-இ என்றே முடிகிறது. ‘நேரம் தவறாமை எங்கள் கொள்கை’ என்று எழுதும்போது ரூலை நினைத்தால் போதும்.