பாலிகார்பனேட்டு முப்பரிமாண அச்சிடல்

பாலிகார்பனேட்டு முப்பரிமாண அச்சிடல் என்பது பாலிகார்பனேட்டு நெகிழி இழையை உருக்கி, அடுக்கடுக்காகப் படியவைத்து, வலிமையும் வெப்பத் தாங்குதிறனும் மிக்க பாகங்களை உருவாக்கும் முறையாகும். பி.எல்.ஏ. ஏறத்தாழ 60 °செ-யிலும் ஏ.பி.எஸ். ஏறத்தாழ 105 °செ-யிலும் இளகத் தொடங்குகின்றன. தூய பாலிகார்பனேட்டு இளகுவது ஏறத்தாழ 147 °செ-யில்தான். இப்பண்பே அதனை அச்சிடுவதையும் கடினமாக்குகிறது.

மூடிய அறை

இளகுநிலைக்குக் கீழே குளிரும்போது பாகம் சுருங்குகிறது. ஒரு பாகை வெப்பநிலை குறைந்தால் பாலிகார்பனேட்டு தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 70 பங்கு சுருங்கும். 100 மி.மீ. நீளமுள்ள மோட்டார் தாங்கி ஒன்றை 30 °செ உள்ள திறந்த அறையில் அச்சிட்டால், அது 117 பாகை குளிர்ந்து 0.8 மி.மீ. சுருங்க முயலும். அடியிலுள்ள அடுக்குகள் முன்பே இறுகிவிட்டதால் மேலடுக்குகள் அவற்றை இழுக்கின்றன. மூலைகள் தூக்கிக்கொள்ளும் அல்லது அடுக்குகள் பிளக்கும். அச்சுப்பொறியைச் சுற்றிலும் மூடி உள்வெப்பத்தை 70 °செ-யில் வைத்தால், அச்சிடும் வேளையில் இச்சுருக்கம் 0.54 மி.மீ. ஆகக் குறையும். அடுக்குகளும் நன்கு ஒட்டும். தளம் 110 °செ-யிலாவது இருக்க வேண்டும். குளிர்விக்கும் விசிறியை நிறுத்திவைப்பது வழக்கம். அச்சு முடிந்ததும் கதவைத் திறக்காமல், பாகத்தை மெல்ல ஆறவிட வேண்டும். மின்சுற்றுப் பலகையும் மின்வழங்கியும் அறைக்கு வெளியே இருப்பது நல்லது.

ஹாட்எண்ட்

தூய பாலிகார்பனேட்டு 270 முதல் 310 °செ வரை உருக்கி அச்சிடப்படுகிறது. சாதாரண ஹாட்எண்டில் உள்ள டெப்லான் குழாய் 250 °செ-க்கு மேல் சிதைந்து, தீங்கான புகையை வெளியிடும். எனவே முழு உலோக ஹாட்எண்ட் தேவை. மார்லின் மென்பொருளில் பொதுவான வரம்பு இவ்வாறு இருக்கும்:

```
#define HEATER_0_MAXTEMP 275
```

பாதுகாப்பு இடைவெளியாக 15 பாகையை மார்லின் கழிப்பதால், 260 °செ-க்கு மேல் வெப்பநிலையை அமைக்க முடியாது. ஹாட்எண்டும் வெப்ப உணரியும் தாங்கும் என்று உறுதியான பின்பே இவ்வரம்பை உயர்த்த வேண்டும்.

ஈரப்பதம்

ஈரமான இழை உருகும்போது படபடவென்று வெடித்து, குமிழ்கள் விடும். அந்நீர் மூலக்கூற்றுச் சங்கிலிகளையும் அறுத்துவிடுவதால், அச்சிட்ட பாகத்தைப் பின்னர் உலர்த்தினாலும் இழந்த வலிமை திரும்பாது. இழையை அச்சிடும் முன்பே 80 முதல் 90 °செ-யில் 6 முதல் 8 மணிநேரம் உலர்த்த வேண்டும்.

கலவைகள்

மூடிய அறையில் போதிய வெப்பம் கிடைக்காதவர்களுக்குப் பாலிகார்பனேட்டு–ஏ.பி.எஸ். கலவை உதவும். அது 260 முதல் 280 °செ-யில் அச்சாகும், வளைவும் குறைவு. ஆயினும் வெப்பத் தாங்குதிறன் பெரும்பாலும் 110 முதல் 125 °செ ஆகக் குறைகிறது. கரியிழை சேர்ந்த கலவை விறைப்பானது, குறைவாகவே வளையும். ஆனால் பித்தளை முனையை விரைவில் தேய்ப்பதால் கடின எஃகு முனை வேண்டும்.

சோதனை

சிறிய மாதிரி ஒன்றை முறித்துப் பார்க்கலாம். அடுக்குக் கோட்டின் வழியே வழவழப்பாகப் பிரிந்தால் ஒட்டுதல் போதவில்லை என்று பொருள்; முனையின் வெப்பத்தையோ அறையின் வெப்பத்தையோ உயர்த்த வேண்டும். அடுக்குகளைக் குறுக்கே கிழித்துக்கொண்டு கரடுமுரடாக முறிந்தால் அடுக்குகள் நன்கு இணைந்துள்ளன.