'ப்ராசஸிங்'கிலேயே நிற்கும் ஆர்டர்

தீபாவளித் தள்ளுபடியில் 3,200 ரூபாய்க்கு ஒரு மிக்ஸியை ஆர்டர் செய்து, பணமும் கட்டிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து நாளாகியும் 'ப்ராசஸிங்' என்றே காட்டுகிறது. பொருள் இன்னும் கூரியர்காரர் கைக்குப் போகவில்லை என்பதே பெரும்பாலும் இதன் பொருள். விற்பவரிடம் சரக்கு தீர்ந்திருக்கலாம், அல்லது பார்சல் கட்டியும் எடுத்துப்போக ஆள் வராமல் இருக்கலாம்.

எது என்று ஓரளவு கண்டுபிடிக்கலாம். ஆர்டரில் உள்ள விற்பனையாளரின் பெயரைக் குறித்துக்கொண்டு, அந்தப் பொருளின் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அவரிடம் இப்போது ஸ்டாக் இல்லை என்றால், காத்திருப்பதில் அர்த்தமில்லை. ஸ்டாக் இருந்து, டெலிவரி தேதியும் தாண்டவில்லை என்றால் பொறுக்கலாம். இன்றைய விலை 4,100 என்றால் அவசரப்பட்டு ரத்து செய்யவே வேண்டாம். பழைய விலை திரும்பக் கிடைக்காது.

தேதி தாண்டியும் புதுத் தேதி சொல்லவில்லையா? அனுப்புவதற்கு முன்பே ரத்து செய்துவிடுங்கள். அனுப்பிய பிறகு என்றால், பார்சல் விற்பவரிடம் திரும்பிச் சேரும்வரை பணம் தாமதமாகலாம். பணம் வராவிட்டால் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். அதற்கும் அசையாவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.