சொல்லாத காதல் ஏன் தேய்வதில்லை?

ஒரே அலுவலகத்தில் இருவர் என்று வைத்துக்கொள்வோம். அவனுக்கு அவளைப் பிடித்துப்போய் ஏழு மாதமாகிறது. சேர்ந்து டீ குடிக்கப் போகும் ஐந்தாறு பேரில் அவளும் ஒருத்தி. அவள் ஸ்டேட்டஸ் வைத்தால் முதல் ஆளாகப் பார்ப்பான். 'சாப்பிட்டாச்சா?' என்று அவள் கேட்டுவிட்டால் அந்த வாரம் முழுக்க மனதில் அதுவே ஓடும். மறுநாள் பேசாமல் போனால் தூக்கம் வராது. அவளுக்கோ இது எதுவும் தெரியாது.

அமெரிக்க உளவியலாளர் டோரதி டென்னவ், இந்த மனநிலையை ஆராய்ந்து 1979இல் ஒரு புத்தகம் எழுதினார். கிடைக்குமா, கிடைக்காதா என்று தெரியாமல் தவிப்பதுதான் இந்த ஏக்கத்தை வளர்க்கிறது என்றார் அவர். கொஞ்சம் நம்பிக்கையும் கொஞ்சம் சந்தேகமும் சேர்ந்திருக்கும்வரை அது தணியாது. ஆகவே, வாயைத் திறக்காமல் தினமும் ஸ்டேட்டஸ் பார்த்துக்கொண்டே 'தானாகப் போய்விடும்' என்று காத்திருப்பது பலன் தராது. 1991இல் வந்த 'இதயம்' படத்தில் முரளியின் தயக்கத்தைப் பார்த்து உருகினோம். வாழ்க்கையில் அந்தத் தயக்கமே ஏக்கத்துக்குத் தீனி.

சொல்வதற்கு முன் அவன் ஒன்றைக் கவனிக்கலாம். அவளாக வந்து பேச்சைத் தொடங்குகிறாளா? அவன் சொன்ன சின்ன விஷயத்தை நினைவு வைத்துப் பிறகு விசாரிக்கிறாளா? எல்லோரிடமும் காட்டும் அன்பையே அவனிடமும் காட்டினால், அது அவள் சுபாவம். அதில் குறிப்பு தேட வேண்டாம்.

கேட்பதென்றால் சின்னதாகக் கேட்பதே நல்லது. ஏழு மாத ஏக்கத்தையும் நீண்ட மெசேஜாகக் கொட்டினால், அவளால் சுலபமாக மறுக்க முடியாது. "சனிக்கிழமை நாம ரெண்டு பேரும் காபிக்குப் போலாமா? எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. வேண்டாம்னா தாராளமா சொல்லுங்க" என்பது போதும்.

பதிலைப் புரிந்துகொள்வதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ராய் பாமைஸ்டரும் சக ஆய்வாளர்களும் 1993இல் வெளியிட்ட ஆய்வில், காதலை மறுத்தவர்களையும் குற்ற உணர்வு வாட்டியது தெரிந்தது. மனம் நோகுமே என்று அவர்கள் மென்மையாகச் சொல்கிறார்கள். கேட்பவருக்கு அது நம்பிக்கையாகப் படுகிறது. "பாக்கலாம், இந்த வாரம் வேலை இருக்கு" என்றவள் வேறு நாள் எதுவும் சொல்லவில்லையென்றால், அதை மறுப்பாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். மறுபடி கேட்பது தொந்தரவு.

அவள் அவனுக்குக் கீழே வேலை பார்க்கிறாள், அல்லது அவளுக்கு வேறொருவர் இருக்கிறார் என்றால் சொல்லவே கூடாது. அப்போது விலகுவதையும் ஒரு வேலையாகவே செய்ய வேண்டும். ஸ்டேட்டஸை மியூட் செய்யலாம், டீ நேரத்தை மாற்றலாம், பழைய சாட்டைத் திறக்காமல் இருக்கலாம். முதல் சில வாரங்கள் ஏக்கம் இன்னும் கூடியதுபோலத் தெரியும். அவள் நினைவே வராத இடைவெளி ஒரு மணி நேரமாக இருந்தது அரை நாளாக நீண்டால், அது தேய ஆரம்பித்துவிட்டது.